எலும்பு போட்ட பிறகு

“பொம்மையோட காலை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுங்கன்னு சொல்றாரு இலக்கியா. இழுத்து விடுறதுக்கு அது என்ன பாவாடை நாடாவா?”

இலக்கியா வங்கித் தேர்வுப் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. “யாரு, அரியலூரு மோட்டார்கடைக்காரரா?”

“அவருதான். முகத்த ஒடுக்கணுமாம். கழுத்து கொஞ்சம் தெரியணுமாம். எல்லாம் முடிஞ்சு ஆட்டுக்குட்டி வாலாட்டுறது மட்டும்தான் பாக்கின்னு ஒக்காந்திருக்கப்ப வந்து சொல்றாரு.”

“செஞ்சு குடுத்துத் தொலையேன்க்கா. கம்ப்யூட்டரு தானே செய்யப் போவுது.”

நர்மதா நாற்காலியோடு சுழன்று தங்கையை முறைத்தாள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் அவளுக்கு உச்சி மண்டை வரை ஏறும். கம்ப்யூட்டர்தானே. திருச்சியில் அனிமேஷன் படித்து, சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் மற்றவர்கள் வரைந்த பொம்மைகளுக்குக் கையும் காலும் ஆட்டிக்கொண்டிருந்து, அது பிடிக்காமல் பெரம்பலூர் பாலக்கரைப் பக்கத்து மாடி அறைக்கே திரும்பி வந்து தனியாகத் தொழில் தொடங்கியவள் அவள். விளம்பரத்துக்கு ஆடும் பால் பாக்கெட், கல்யாணப் பத்திரிகைக்குக் கும்பிடும் மாப்பிள்ளை பெண் என்று இதுவரை வந்ததெல்லாம் துண்டு துணுக்கு வேலைகள். முழுசாக ஒரு கதை என்று வந்தது இதுதான் முதல்.

பாடாலூர் மாமா போர் மோட்டார் வாங்கப் போன இடத்தில், அக்கா மகள் கார்ட்டூன் செய்கிறாள் என்று பெருமையடித்ததில் வந்த வேலை. கடைக்காரர் பெயர் பிரசாத். போனில் அதிகம் பேசாத ஆள். ஒரு ஃபோட்டோவும் ஒரு ஒலிப்பதிவும் அனுப்பினார். ஃபோட்டோவில் முன்பல் விழுந்த ஒரு யூகேஜி பிள்ளை. ஒலிப்பதிவில் அதே பிள்ளை கதை சொல்கிறது. ஓர் ஆட்டுக்குட்டி டிக்கெட் எடுக்காமல் ரயிலில் ஏறிவிடுகிறது, டிக்கெட் கேட்டு வந்தவர் அதைப் பிடிக்கப் போக, அது அவருடைய டிக்கெட் புத்தகத்தையே தின்றுவிடுகிறது. ‘அப்பறம் அவுருகிட்டயும் டிக்கெட் இல்ல’ என்று சொல்லிவிட்டு, பல்லில்லாத ஓட்டை வழியாகக் காற்று வர, பிள்ளை தானே சிரித்துக்கொள்கிறது. “எங்க அமுதினிங்க. அவ பொறந்தநாளுக்கு வேணும். அவளே ஆட்டோட ரயில்ல போற மாதிரி” என்றார் பிரசாத்.

அந்தச் சிரிப்பை நர்மதா எத்தனை முறை கேட்டிருப்பாளோ. பஸ்ஸில் கேட்டாள். சோறு தின்றுகொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஒரு வாய் தனியாகச் செய்தாள்.

இப்போது மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். படம் நல்லாயிருக்கு, ஆனா பாப்பா இப்ப இவ்ளோ குள்ளமா இருக்கமாட்டா, நாலாவது படிக்கிற பிள்ளை மாதிரி ஆக்கிடுங்க என்று.

“வேலைய ஆரம்பிக்கும்போதே படம் அனுப்பி ஓகே வாங்குனேன்டி. முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல நிக்கிற மாதிரி மூணு படம். தம்ஸ் அப் போட்டாரு. அதை நம்பித்தான் ரிக் பண்ணேன்.”

“இதையே அவருக்கு எழுது. என்கிட்ட ஏன் கத்துற?”

நர்மதா எழுதினாள். பேசுகிற வேகத்திலேயே தட்டுகிற கை அவளுடையது.

“வணக்கம் பிரசாத் அண்ணே,

உங்க மெசேஜ் கேட்டேன். கோவமெல்லாம் இல்ல. ஆனா கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா காலை நீட்டுறது காலோட நிக்காது.

அமுதினி பொம்மைய வெளியேர்ந்து பாத்தா தோலு மட்டும்தான் தெரியும். உள்ள நான் எலும்பு போட்டிருக்கேன். இடுப்பு, முட்டி, கணுக்கால், தோளு, விரல் வரைக்கும். நீங்க ஓகே சொன்ன படத்துல முட்டி எங்க இருந்துச்சோ கரெக்டா அங்கதான் எலும்பும் மடங்கும். அப்புறம் தோல்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளிகிட்டயும், எந்த எலும்பு அசைஞ்சா நீ எவ்ளோ அசையணும்னு சொல்லி வச்சிருக்கேன். இது எல்லாம் சேந்ததுதான் ரிக். இப்ப தோலை மட்டும் நீட்டுனா முட்டி ஓரிடத்துல இருக்கும், கால் வேறிடத்துல மடங்கும். சரின்னு எலும்பையும் நகத்துனா, தோல்கிட்ட சொன்னதையெல்லாம் முதல்லேர்ந்து சொல்லணும்.

முகமும் அப்படித்தான். ஆன்னு சொல்ல ஒரு வாய், ஊன்னு சொல்ல ஒரு வாய்னு இந்த முகத்து மேலதான் செஞ்சிருக்கேன். முகத்த ஒடுக்குனா அத்தனை வாயும் கோணிக்கும். நடையும் போச்சு. குட்டைக் காலுக்கு வச்ச அடி நெட்டைக் காலுக்குச் சேராது, பாதம் தரையில வழுக்கும். ஆட்டைத் தூக்குறப்ப கை அது வயித்துக்குள்ள போயிரும்.

மொத்தமா பெருசாக்கலாமேன்னு கேப்பீங்க. ஆக்கலாம், ஒரே தட்டு. ஆனா பெரிய பிள்ளையா ஆகமாட்டா, பெரிய சைஸ் சின்னப் பிள்ளையாதான் இருப்பா. சின்னப் பிள்ளைக்கு உடம்பு குட்டை, தலை பெருசு. வளர வளர காலுதான் ஓடும், தலை அவ்ளோ ஓடாது. வயசுங்கிறது அந்தக் கணக்குலதான் இருக்கு. அதை மாத்துனா பொம்மை, எலும்பு, வாய், நடை எல்லாம் புதுசு. பொறந்தநாளுக்குள்ள முடியாதுண்ணே. அதனால இப்படியே இருக்கட்டுமா?”

அனுப்பும் முன் இலக்கியாவிடம் காட்டினாள். “நல்லாதான் இருக்கு. ஆனா வாத்தியாரம்மா திட்டுற மாதிரி முடியுது. சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் போடு” என்றாள் இலக்கியா.

நர்மதா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள். ‘பாப்பாகிட்ட சொல்லிருங்க, படம் முடியிற வரைக்கும் வளராம இருக்கச் சொல்லி.’ இரண்டு பேரும் சிரித்தார்கள். மெயில் போயிற்று.

மறுநாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“நர்மதாங்களா? நான் ஜெயசித்ரா. அமுதினியோட அம்மா.”

“சொல்லுங்கக்கா. மெயில் பாத்தாரா அண்ணன்?”

“அவரு பாக்கல. கடை மெயில் என் போன்லதான் வரும், பில்லுப் போடுறது நாந்தான். நான் படிச்சேன்.” அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது. “கடைசியில ஒண்ணு எழுதிருந்தீங்க. அவகிட்ட சொல்லச் சொல்லி.”

“அய்யோ, அது சும்மா வெளையாட்டுக்குக்கா.”

“சொல்ல வேணாம்மா. அவ வளர்றதில்ல.”

நர்மதாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“யூகேஜி முடிச்ச லீவுல காய்ச்சல் வந்துச்சு. போயிட்டா. இப்ப இருந்திருந்தா நாலாவது போவா.” ஜெயசித்ராவின் குரலில் அழுகை இல்லை. பல பேருக்குப் பல முறை சொல்லித் தேய்ந்த குரல் அது. “நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு படம் எடுக்குறாருன்னு எனக்கே இன்னைக்கித்தான் தெரியும்.”

“அக்கா, நான்... மன்னிச்சிருங்கக்கா.”

“அத விடும்மா. நான் வேற ஒண்ணு கேக்கத்தான் போன் பண்ணேன். அவளுக்கு வாய் செஞ்சேன்னு எழுதிருக்கீங்கல்ல. ஆ, ஊன்னு. அப்ப அவ பேசுறாளா? குரல் இருக்கா உங்ககிட்ட?”

“இருக்குக்கா.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“எங்கிட்ட இல்லம்மா” என்றாள் ஜெயசித்ரா. “அவரு போன்ல இருந்துச்சு. நான் அழுவுறேன்னு அழிச்சுட்டேன்னாரு.”

நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு நர்மதா அப்போதே மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். கூட வரட்டுமா என்று கேட்ட இலக்கியாவை வேண்டாம் என்றுவிட்டாள். சிமெண்டு லாரிகள் வரிசையாய் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் ஜன்னலில் வெள்ளைத் தூசி வந்து அப்பியது. வழியெல்லாம் அவள் அந்த ஒரு வரியையே மனசுக்குள் அழித்துக்கொண்டு வந்தாள். அழிக்க அழிக்க அது நின்றது.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். பிரசாத் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து கையைத் துணியில் துடைத்தார். நெட்டையான மனிதர். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“சொல்லிருக்கணும் தங்கச்சி. சொல்லல. சொன்னா நீங்க பாவம் பாத்துச் செய்வீங்க. யாராச்சும் ஒருத்தராவது அவ இருக்கான்னு நெனச்சுச் செய்யட்டுமேன்னு இருந்துட்டேன்.”

பின்பக்க அறையில் ஜெயசித்ரா காபி வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. முதலில் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். நர்மதா போட்டாள். ஆட்டுக்குட்டி ரயிலேறியது, டிக்கெட் புத்தகத்தைத் தின்றது. ‘அப்பறம் அவுருகிட்டயும் டிக்கெட் இல்ல.’ சிரிப்பு.

ஜெயசித்ரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கணவனைப் பார்க்காமலே, “அழிச்சுட்டேன்னு சொன்னீங்க” என்றாள்.

“கேட்டுக் கேட்டு நீ சாப்பிடாம கெடந்த.”

“நீங்க மட்டும் கேட்டுக்கிட்டீங்க.”

“கடையில வச்சுக் கேப்பேன்.”

“நல்லா இருக்கு. நான் முன்னாடி பில்லுப் போட்டுக்கிட்டு இருப்பேன். நீங்க பின்னாடி எம்பிள்ளை பேசுறத கேட்டுக்கிட்டு இருப்பீங்க.”

பிரசாத் நர்மதாவின் பக்கம் திரும்பி, “மெயில் காட்டுனா. படிச்சேன். எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம்கூட மாத்த முடியாதா? உள்ள இருக்கறத அப்படியே வச்சுக்கிட்டு மேலாப்புல?” என்றார்.

“முடியாதுண்ணே.”

“மாத்துனா என்ன ஆவுதுன்னு காட்டுங்களேன். பாத்தா மனசு ஆறிரும்.”

நர்மதா பொம்மையைத் திரையில் திறந்தாள். பள்ளிச் சீருடையில் அமுதினி நின்றாள். முன்பல் இடைவெளி தெரிந்தது. காலைப் பிடித்து நீட்ட இரண்டு நொடி போதும். நீட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தொடை நடுவில் மடங்கும், தோல் சுருட்டிக்கொண்டு கிழிந்ததுபோல் உள்ளே போகும், நடக்கச் சொன்னால் கால்கள் ஒன்றையொன்று ஊடுருவும். ஸ்டுடியோவில் இதைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பேர் எதிரில், அவள் விரல் நகரவில்லை.

“ஆட்டுல காட்டுறேன்ணே” என்றாள். “அதுக்கும் எலும்பு இருக்கு.”

அமுதினியை மறைத்துவிட்டு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தாள். நான்கு கால்களின் தோலையும் பிடித்து நீட்டினாள். சும்மா நின்றபோது ஒட்டகக் குட்டி மாதிரி ஒரு தினுசாக இருந்தது. பிறகு ஓடவிட்டாள். முட்டிக்கு மேலே காலெலும்பு மடங்க, தோல் கசங்கிய சாக்காய்ச் சுருள, குளம்புகள் தண்டவாளத்துக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தன.

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கள்ளு குடிச்ச ஆடு மாதிரி போவுது” என்றாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நர்மதா ஏன் ஆட்டைக் காட்டினாள் என்பது அவளுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது. நர்மதாவின் முழங்கையை ஒரு தடவை தொட்டாள். அவ்வளவுதான்.

பிரசாத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “புரிஞ்சுது. மோட்டாருக்குள்ள இருக்கிற ஸ்டேட்டர் வேற அளவுன்னா அதுல சுத்துன பழைய காயில் கம்பி சேராது. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா சுத்தணும்.”

“அதேதாண்ணே.”

“நான் சுத்துவேன். ஒரு மோட்டாரும் வேணாம்னு திருப்பி அனுப்புனதில்ல. நீங்களும் செய்யலாம்ல? பொறந்தநாளு தாண்டுனாலும் பரவால்ல.”

“ஏன் முதல்ல அனுப்புன அந்த மூணு படத்த அப்பவே பாத்துச் சொல்லலண்ணே? ஓகேன்னு போட்டீங்களே.”

“தொறக்கல தங்கச்சி. அவ மூணு பக்கமும் திரும்பி நிக்கிற மாதிரி சின்னதா தெரிஞ்சுச்சு. பெருசாக்கிப் பாக்கத் தெம்பு இல்ல. கட்டைவிரலை மட்டும் போட்டுட்டு வச்சுட்டேன்.” அவர் கீழே பார்த்தார். “அப்பறம் நீங்க படம் அனுப்புனீங்க. நடந்தா. அதே குள்ளமா, அதே உசரத்துல. அப்பதான் எனக்குத் தோணுச்சு. நான் ஒவ்வொரு வருசமும் அவளை வளத்துக்கிட்டு வந்திருக்கேன். கடைக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் என்ன படிக்கிறேன்னு கேப்பேன். இப்ப எங்க அமுதினி இவ்ளோ இருப்பா, காலு இப்படி ஓடிருக்கும், எங்க அம்மா மாதிரி முகம் நீண்டிருக்கும்னு. படத்துல பாத்தா அங்கேயே நிக்கிறா. நான் மட்டும் முன்னாடி வந்துட்டேன், அவள விட்டுட்டு.”

ஜெயசித்ரா மெதுவாக, “எனக்கு அவ வளரலங்க. அவ சட்டை இன்னும் எனக்குக் கை அளவாத்தான் இருக்கு” என்றாள்.

“நான் உன்னைச் சொல்லல ஜெயா.”

“சொல்லுங்க, பரவால்ல. காலு வளத்துருவீங்க, முகமும் வளத்துருவீங்க. பல்லும் மொளச்சிருக்கும். குரலுக்கு என்ன பண்ணுவீங்க?”

பிரசாத் நிமிர்ந்தார்.

“நாலாவது படிக்கிற பிள்ளை இப்படியா பேசும்? பல்லு ஓட்டையில காத்து வர? நாலாவது படிக்கிற குரலு எங்க இருக்கு, யாரு போன்ல இருக்கு?”

அவர் இதை நினைக்கவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கால், முகம், கழுத்து எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்து வைத்திருந்த மனிதர், அந்த உயரத்தில் அவள் பேசியதே இல்லை என்பதை இப்போதுதான் கண்டார். நர்மதாவைப் பார்த்தார், ஏதாவது வழி சொல்வாள் என்பதுபோல. கம்ப்யூட்டரில் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விழுங்கினாள். அதுவும் ஒரே தட்டு வேலைதான். பெரிய சைஸ் சின்னக் குரல்.

“கடையில ஆள் நிக்கிற மாதிரி இருக்கு” என்று பிரசாத் எழுந்து போனார். கடையில் ஆள் இல்லை. பிரித்துப் போட்ட மோட்டாரின் எதிரே போய் உட்கார்ந்தார். பழைய கம்பியை வெட்டி வெட்டி இழுக்கும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

நர்மதா அந்தக் குரலை ஜெயசித்ராவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வாசல்வரை வந்த ஜெயசித்ரா, “அவரு கேட்டதத் தப்புன்னு நெனச்சுக்காதம்மா. ரெண்டு பேரும் ஒரே பிள்ளையத்தான் வச்சிருக்கோம். அளவுதான் வேற வேற” என்றாள்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் வண்டி நின்றது, ஏறவில்லை. அடுத்ததும் போனது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து நர்மதா போனிலேயே தட்டினாள். கை எப்போதும்போல் ஓடவில்லை. இரண்டு வார்த்தை போட்டால் ஒன்றை அழித்தாள். இந்தத் தடவை இரண்டு பேரின் மெயில் முகவரியும் கேட்டு வாங்கியிருந்தாள்.

“பிரசாத் அண்ணே, ஜெயாக்கா,

நேத்து எழுதுன மெயில்ல கடைசி வரிக்கு என்கிட்ட சாக்கு இல்ல. அதைப் பத்தி எழுதுனா இன்னும் கெடுத்துருவேன், அதனால வேலையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

இப்ப இருக்கிற அமுதினிய நான் மாத்தல. அந்தக் குரலு அந்த உடம்புக்குத்தான் சொந்தம். அவ பல்லு அப்படியே இருக்கட்டும். ஆட்டுக்கு வால் மட்டும் முடிச்சிட்டு பொறந்தநாளுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா அனுப்பிடுறேன்.

அண்ணே, நீங்க கேட்ட நாலாவது படிக்கிற அமுதினியும் செய்யலாம். அவளை இவகிட்டேர்ந்து இழுத்து எடுக்க முடியாது, தனியாதான் செய்யணும். புதுசா வரையணும், புதுசா எலும்பு போடணும், புதுசா நடக்கச் சொல்லிக்குடுக்கணும். பேசமாட்டா. அதை என்னால செய்ய முடியாது, யாராலயும் முடியாது, உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன். ஆனா நடப்பா. ஸ்கூல் பையோட போயிட்டு வருவா. எப்ப முடியும்னு தெரியல, அவசரப்பட்டு செய்ய எனக்கு மனசில்ல.

முதல்ல வெறும் படம்தான் வரைவேன், பேப்பர்ல. அதை எடுத்துக்கிட்டு நானே அரியலூர் வரேன். எலும்பு போடுறதுக்கு முன்னாடி எதை வேணாலும் மாத்தலாம், எத்தனை தடவை வேணாலும் அழிச்சு வரையலாம், ஒண்ணும் உடையாது. அண்ணன் சொல்ற உசரத்த அக்கா பாக்கணும், அக்கா சொல்றத அண்ணன் பாக்கணும். அக்கா, பாக்க முடியலன்னா வேணாம்னு சொல்லிருங்க, நான் பென்சிலையே எடுக்கமாட்டேன், யாருக்கும் ஒண்ணுமில்ல. பாக்கலாம்னு தோணுச்சுன்னா முதல் கேள்வி இதுதான், ஏன்னா ஃபோட்டோல அவளுக்குக் கிராப்பு. இப்ப இருந்தா ரெட்டைச்சடை போட்டிருப்பாளா, இல்ல இன்னும் கிராப்புதான் வேணும்னு அடம்புடிச்சிருப்பாளா, நீங்க ரெண்டு பேரும் என்ன நெனைக்கிறீங்க?”